ஊத்தப்பத்துக்கு ஆகும்

தமிழ் இணையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து உங்களைத் திட்டுகிறார் என்றால் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், நீங்கள் கதற வேண்டும். இது நான் உண்டாக்கிய சொல் இல்லை, அவர்களே வைத்திருக்கும் சொல். கோபமாக நாலு வரி எழுதினால் "கதறல் சத்தம் கேக்குதே" என்பார்கள், பத்து வரி எழுதினால் "இன்னும் கதறு" என்பார்கள், அதற்கும் மேலே போய் ஆதாரத்தோடு விளக்கம் கொடுத்தால் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஏதோ ஒரு குரூப்பில் போட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகளை வரிசையாக ஒட்டுவார்கள். நீங்கள் சொன்னது சரியா தப்பா என்பது அந்த ஆட்டத்தில் கணக்கிலேயே வராது. யார் அதிகமாக எழுதினார்களோ அவர் அவுட். அவ்வளவுதான் விதி.

விதி அநியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திட்டுகிறவரைவிட அதிக நேரம் அந்த இடத்தில் நிற்கப்போவது வேடிக்கை பார்க்கிறவர்கள். ஒரு பதிவில் பத்துப் பேர் கமெண்ட் போடுகிறார்கள் என்றால் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து போகிறவர்கள் அதைப்போல் பல மடங்கு. அவர்களுக்கு உங்களையும் தெரியாது, அந்த ஆளையும் தெரியாது. மூன்று வினாடியில் இரண்டு பேரையும் எடை போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். நாம் எழுதும் பதில் அந்த மூன்று வினாடிக்காரருக்கு. திட்டியவரைத் திருத்தவோ, அவர் வாயாலேயே தப்பை ஒப்புக்கொள்ள வைக்கவோ எழுதினால் பதில் தானாக நீண்டுவிடும். வேடிக்கை பார்ப்பவரை மனதில் வைத்து எழுதினால் ஒரு வரியில் முடியும்.

நான் ஃபேஸ்புக்கில் எழுதுவதெல்லாம் சமையலறை சமாசாரம். மாவு, ஊறுகாய், வடாம், எந்த மாசம் எந்தப் புளி வாங்கலாம் என்ற மாதிரி. அரசியல் கிடையாது, சினிமா கிடையாது. அப்படியும் விடமாட்டார்கள். ஒரு சித்திரை மாசம், கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்னால், இட்லி மாவைப் பற்றி எழுதியிருந்தேன். மார்கழியில் ராத்திரி முழுக்க வெளியே வைத்தாலும் பொங்கத் தயங்குகிற மாவு சென்னை வெயிலில் ஆறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும், எட்டைத் தாண்டினால் புளிப்பு ஏறும், அதனால் கோடையில் ராத்திரி படுக்கப் போகுமுன் அரைப்பதைவிட மத்தியானம் அரைத்து, பொங்கியதும் ராத்திரியே ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடுங்கள் என்று. யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராத பதிவு. அதற்கு வந்த கமெண்ட் இது:

"இந்த வயசுல பேரன் பேத்தியப் பாத்துட்டு சும்மா கெடக்காம மாவு புளிக்கிறதுக்கு ஒரு ஆராய்ச்சி. மாவு புளிக்கல கெழவி உன் மூளைதான் புளிச்சுப் போச்சு"

படித்ததும் காது சூடாகும். காலம் காலமாக எழுதுகிறவர்களுக்கும் ஆகும். அதை அடக்குவது எப்படி என்று எனக்குத் தெரியாது, அடக்கத் தேவையும் இல்லை; சூடான காதோடு கமெண்ட் பெட்டியில் விரலை வைக்காமல் இருந்தால் போதும். இதற்கு என்னிடம் இருக்கும் ஒரே வழி இயந்திரத்தனமானது. பதிலை ஃபேஸ்புக்கில் அடிப்பதில்லை, ஃபோனில் இருக்கும் நோட்ஸில் அடிக்கிறேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே என்டர் தட்டினால் அடுத்த வரிக்குப் போகாது, கமெண்டே போய்விடும். போன பிறகு திருத்தலாமே என்றால், திருத்தினால் பக்கத்திலேயே திருத்தப்பட்டது என்று காட்டும், அதைத் தட்டினால் முதலில் என்ன எழுதினீர்கள் என்பதும் தெரியும். முதலில் "போடா" என்று எழுதிவிட்டுப் பிறகு "நன்றி" என்று மாற்றியவரைப் போலப் பரிதாபம் வேறு கிடையாது.

நோட்ஸில் அன்றைக்கு முதலில் வந்தது இது: "மூளை இருக்கிறவங்களுக்குத்தான் அது புளிக்கும், உனக்கு அந்தக் கவலையே இல்ல." எழுதியபோது பிரமாதமாகத்தான் இருந்தது. கொஞ்சம் கழித்துப் பார்த்தால், அவர் எறிந்த கல்லையே எடுத்துத் திருப்பி எறிந்திருக்கிறேன். உனக்கு மூளை இல்லை, உனக்குத்தான் இல்லை. பள்ளிக்கூடத்து வாசல் சண்டை. மூன்று வினாடிக்காரர் இதைப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே ரகம் என்று முடிவு கட்டுவார். அதோடு "உனக்கு" வந்துவிட்டது. மரியாதையை நாம் இறக்கிய நிமிஷமே, முதலில் இறக்கியவர் யார் என்பது மறந்துபோகும்.

இரண்டாவது வந்தது விளக்கம். எனக்குப் பேரன் பேத்தி கிடையாது, எனக்கு அவ்வளவு வயசும் ஆகவில்லை, மாவு புளிப்பதற்குக் காரணம் அதில் வளரும் நுண்ணுயிரிகள், சூடு கூடினால் அவை வேகமாகப் பெருகும், இதைத் தெரிந்துகொள்வதில் என்ன தப்பு, பெண்கள் சமையலைப் பற்றி யோசித்தாலே உங்களுக்கு ஏன் எரிகிறது, இப்படி. ஒவ்வொரு வரியும் உண்மை. மொத்தமாகச் சேர்த்தால் கதறல். திட்டில் இருக்கும் தகவல் பிழையைத் திருத்தவேண்டும் என்ற அரிப்பு படித்தவர்களுக்கு ரொம்ப உண்டு. அவருக்கு உங்கள் வயசு தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, தெரியாமல்தான் அடித்துவிட்டிருக்கிறார். நீங்கள் பிறந்த தேதியைச் சொன்னாலும் அடுத்த கமெண்டில் வேறு எதையாவது பிடிப்பார். இன்னொன்றையும் கவனியுங்கள், அந்த விளக்கத்தில் கேள்விக்குறி இருக்கிறது. "உங்களுக்கு ஏன் எரிகிறது?" என்று கேட்டால் பதில் சொல்லும் உரிமையை நாமே தூக்கிக் கையில் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். அன்றிலிருந்து நோட்ஸில் இருப்பதை வெளியே அனுப்புமுன் கேள்விக்குறி இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் அந்த வரி போகாது.

மூன்றாவது கொஞ்சம் புலமை காட்டப் போய் வந்தது. மாவு, மா, மாங்காய், மடமை என்று ஏதோ சிலேடை மாதிரி. அதைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன். "புரியலையே அக்கா" என்றாள். விளக்கினேன். "ஓ" என்றாள். அந்த "ஓ" போதும்.

நம் ஊரில் வசைக்கு வசை பாடுவதற்கு நல்ல பரம்பரை உண்டு. கம்பர் ஔவையை "அடீ" போட்டு ஆரைக்கீரைக்கு விடுகதை போட்டார் என்றும், ஔவை "எட்டேகால் லட்சணமே" என்று ஆரம்பித்துத் திருப்பிக் கொடுத்தார் என்றும் தனிப்பாடல் கதை சொல்கிறது. தமிழ் எண்ணில் எட்டுக்குக் குறி அ, காலுக்குக் குறி வ, சேர்த்தால் அவலட்சணம். சபையில் இருந்தவர்களுக்கு அது கேட்ட நொடியில் விழுந்திருக்கும், அவர்களுக்கு அந்த எண்கள் அன்றாடம் புழங்குபவை. இன்றைக்கு பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு அப்படி ஒன்றை எழுதினால் அவர் நின்று அவிழ்க்கமாட்டார். சபை என்னவோ அதற்குத் தகுந்த சாமர்த்தியம்தான் செல்லும்.

நான் கடைசியில் போட்டது இது:

"ஆமாங்க, சென்னை வெயில்ல ராத்திரி முழுக்க வெளியவே வச்சுட்டேன். ஊத்தப்பத்துக்கு ஆகும்."

அவ்வளவுதான். புளித்த மாவை யாரும் கொட்டுவதில்லை, வெங்காயம் தூவி ஊத்தப்பம் ஊற்றுவார்கள் என்பது மாவு அரைக்கும் எல்லா வீட்டுக்கும் தெரியும். விளக்கவே வேண்டாம்.

இந்த பதிலுக்குள் என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் மற்ற திட்டுகளுக்கும் உதவும். திட்டில் வெறும் வசையாக இருக்கும் சொற்களைத் தள்ளிவிட வேண்டும். கெழவி, சும்மா கெடக்காம, இதெல்லாம் எந்தப் பதிவிலும் யாருக்கும் பொருந்தும், அதில் பிடிமானம் கிடையாது. பார்க்க வேண்டியது கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பொருளோ செயலோ இருக்கிறதா என்று. இங்கே இருந்தது "புளிச்சுப் போச்சு". அதை மறுக்காமல் ஒப்புக்கொண்டேன். திட்டுகிறவர் தயாராக இருப்பது மறுப்புக்கு. "ஆமாங்க" என்றால் அவருக்கு அடுத்த வரி கிடையாது. ஒப்புக்கொண்ட பிறகு அந்தப் பொருளின் உலகத்திலேயே இன்னும் ஒரு அடி எடுத்து வைக்க வேண்டும். புளித்தது என்றால் வெளியே வைத்திருப்பார்கள், வெளியே வைத்தது என்றால் ஊத்தப்பம். அந்த ஒரு அடியோடு நிறுத்திவிட வேண்டும். "ஊத்தப்பத்துக்கு ஆகும், வேணும்னா உங்களுக்கும் ஒண்ணு அனுப்பறேன் 😂" என்று இழுத்திருந்தால் செத்திருக்கும். நம் நகைச்சுவைக்கு நாமே சிரிப்பு ஸ்மைலி போட்டால் மூன்று வினாடிக்காரர் சிரிக்கமாட்டார்.

இதில் கைதேர்ந்தவர் ஒருவர் உண்டு, ஜேம்ஸ் பிளன்ட் என்ற இங்கிலாந்துப் பாடகர். 2005இல் அவருடைய பாட்டு ஒன்று உலகம் முழுக்க ஓடி, ஓடிய வேகத்திலேயே எல்லோருக்கும் அலுத்தும் போய், ட்விட்டரில் அவரைத் திட்டுவது ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. அவர் ஒருத்தர் விடாமல் படித்து, பொறுக்கியெடுத்து, ஒரு வரி பதில் போடுவார். உனக்கு ஏன் இவ்வளவு குறைவான ஃபாலோயர் என்று ஒருவர் சீண்டியதற்கு, இயேசுவுக்குப் பன்னிரண்டு பேரே போதுமானதாக இருந்தது என்றார். என்னுடைய மாவு பதிலுக்கும் இதற்கும் ஒரே எலும்புக்கூடுதான். குறைவு என்பதை மறுக்கவில்லை, ஏன் குறைவு என்று விளக்கவில்லை, குறைவை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய் வைத்துவிட்டார். கேட்டவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இத்தனைக்கும் அந்த மனிதர் பாட வருமுன் பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாக 1999இல் கொசோவோவுக்குப் போனவர். விறைப்பாகத் திட்டத் தெரியாமல் இல்லை.

மரியாதை விஷயத்துக்கு வருகிறேன், தமிழில் இது தனிக் கலை. "நீங்க" என்று எழுதுவது மரியாதைக்காக மட்டும் இல்லை, படிக்கிறவருக்கு அது ஒரு அளவுகோல்: அவர் "கெழவி" என்றார், இவர் "ஆமாங்க" என்றார், முடிந்தது கணக்கு. ஆனால் மரியாதை அளவு மீறினால் அதுவே குத்தலாகிவிடும். ஃபேஸ்புக்கில் பல வருஷம் புழங்கியவர்களுக்குத் தெரியும், "நண்பரே" என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்தது அடிதடிதான். "வாழ்க வளமுடன்" என்பதை எவ்வளவு பேர் "ஒழிந்து போ" என்ற அர்த்தத்தில் போடுகிறார்கள் பாருங்கள். "தம்பி" என்றால் வயசைக் காட்டி மிரட்டுகிற மாதிரி, "சார்" என்றால் கிண்டல், "ப்ரோ" என்றால் அவரவர் வயசைப் பொறுத்து. என்னைப் போன்ற பெண்கள் "தம்பி" போடலாம் என்று சில தோழிகள் சொல்வார்கள், எனக்கு ஒத்துவருவதில்லை. அவர் அதே வேகத்தில் "ஆத்தா" என்று வருவார், அப்புறம் உறவுமுறை வைத்தே ஒரு மணி நேரம் ஓடும். எந்த விளியும் இல்லாமல் ஒரு "ங்க" போதும். பேச்சுத்தமிழில் எழுதுவதும் உதவுகிறது. திட்டு பேச்சுத்தமிழில் வந்திருக்கும்போது நாம் "தங்கள் கருத்துக்கு நன்றி, ஆயினும்" என்று செந்தமிழில் எழுதினால் விறைத்துப்போன மாதிரி தெரியும், காயம் பட்டிருக்கிறது என்பது வெளியே தெரிந்துவிடும்.

சரி, அவர் திரும்ப வருவாரா என்றால் வருவார். என் மாவுக்காரர் வந்தார். "ரொம்ப அறிவாளின்னு நெனப்பு" என்று போட்டார். இங்கேதான் நிறையப் பேர் ஜெயித்த ஆட்டத்தைத் தோற்பார்கள். முதல் பதிலுக்கு நூறு லைக் விழுந்திருக்கும், இரண்டாவதையும் அதே தரத்தில் போட்டுவிடலாம் என்று கை பரபரக்கும். எனக்குத் தெரிந்து இரண்டாவது பதில் முதலாவதைவிட நன்றாக அமைந்ததே கிடையாது. முதல் திட்டில் ஒரு பொருள் இருந்தது, இரண்டாவதில் பெரும்பாலும் வெறும் எரிச்சல்தான் இருக்கும், பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. தவிர, ஒவ்வொரு பதிலும் அந்த கமெண்டை மேலே தூக்கிக்கொண்டே போகும். பதில்கள் குவிகிற கமெண்டைத்தான் ஃபேஸ்புக் முதலில் காட்ட விரும்புகிறது. மாவுக்கு என்ன விகிதம் என்று உருப்படியாகக் கேட்டவர்கள் அடியில் கிடக்க, இந்தச் சண்டை உச்சியில் உட்கார்ந்திருக்கும். ஒரே பதில், அதோடு சரி. அந்த "அறிவாளி" கமெண்ட் இன்னும் அங்கேயே பதிலில்லாமல் நிற்கிறது, பார்க்க அவருக்குத்தான் சங்கடம்.

ஆனால் நாம் நிறுத்தினாலும் நம் ஆட்கள் நிறுத்தமாட்டார்கள். இதுதான் யாரும் அதிகம் பேசாத பகுதி. என் பதிலுக்குக் கீழே என் வாசகர்கள் வரிசையாக வந்து அந்த மனிதரை வச்சு செய்ய ஆரம்பித்தார்கள். முதலில் நானும் ரசித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் அவருடைய பக்கத்துக்கே போய் அவர் மகளின் பிறந்தநாள் படத்தை எடுத்து வந்து ஒட்டினார். இன்னொருவர் அவர் வேலை செய்யும் கடையின் பெயரைப் போட்டார். இரண்டையும் உடனே நீக்கினேன், போட்டவர்களுக்கு இன்பாக்ஸில் எழுதினேன், ஒருவர் கோபித்துக்கொண்டு நட்பையே முறித்துக்கொண்டார். ஒரு வரித் திட்டுக்கு ஒரு குழந்தையின் முகம் விலையா என்ன. வேடிக்கை பார்ப்பவருக்கும் அங்கே கணக்கு புரண்டுவிடும், அதுவரை திட்டியவராக இருந்தவர் சட்டென்று திட்டு வாங்குகிறவராகிவிடுவார்.

மேரி பியர்ட் என்பவர், கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்தவர், ரோமானிய வரலாறு எழுதுபவர், 2013இல் டிவி விவாதம் ஒன்றில் பேசியதற்காக இணையத்தில் சொல்லக் கூசும் வசைகளை வாங்கியவர். அந்த வருஷமே இன்னொரு இளைஞர் ட்விட்டரில் ஆபாசமாகத் திட்ட, அவர் அதை அப்படியே எல்லோரும் பார்க்கும்படி மறுபகிர்வு செய்தார். உடனே யாரோ ஒருவர் அந்தப் பையனுடைய அம்மாவுக்கு இதை அனுப்பிவைக்கிறேன் என்று கிளம்ப, பையன் மன்னிப்புக் கேட்டுவிட்டான். எல்லோரும் சொல்வது இதுவரைதான். அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அவனுடைய பெயரை கூகுளில் தட்டினால் முதலில் வருவது இந்த விவகாரம் என்பதால் வேலை தேடும்போது கஷ்டப்படக்கூடாதே என்று அவனுக்காகப் பரிந்துரைக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார் பியர்ட். அவனை அம்பலத்தில் ஏற்றியதும் அவர்தான், இறக்கிவிடப் பாடுபட்டதும் அவர்தான். நம்மால் இரண்டாவதைச் செய்ய முடியாது என்றால் முதலாவதில் யோசித்து இறங்குவது நல்லது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தனிப் பதிவாகப் போடும்போது பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டுப் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். மறைத்தாலும் நகைச்சுவை குறைவதில்லை.

நகைச்சுவை எங்கே கெட்டுப்போகும் என்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மிக எளிதாகக் கிடைக்கும் ஆயுதம் எழுத்துப்பிழை. திட்டியவர் "தமிள்" என்று எழுதியிருந்தால் போதும், "முதல்ல ழகரத்தைக் கத்துக்கிட்டு வாங்க" என்று பாய்ந்துவிடுவோம். கைதட்டும் கிடைக்கும். ஆனால் அதே பக்கத்தில் அதே மாதிரி எழுதுகிற, பள்ளிக்கூடம் சரியாக வாய்க்காத, நம்மை மதித்துப் படிக்கிற பத்துப் பேர் இருப்பார்கள். அவர்கள் அன்றிலிருந்து கமெண்ட் போடமாட்டார்கள், ஏன் என்றும் சொல்லமாட்டார்கள். ஆங்கிலத்தைக் கிண்டல் செய்வது, ஊரைச் சொல்வது, பார்க்கும் வேலையைச் சொல்வது, முகப்புப் படத்தில் இருக்கும் தொப்பையைச் சொல்வது எல்லாம் இதே வகை. ஒருவரைக் குறிபார்த்து எறிந்தது சும்மா நிற்கும் கூட்டத்தின் மேல் விழும். திட்டியவர் கொடுத்த பொருளுக்குள்ளேயே நின்றால் இந்தச் சிக்கலே வராது. மாவு என்றால் மாவு.

எல்லாத் திட்டுக்கும் சாமர்த்தியம் காட்ட முடியாது, காட்டவும் கூடாது. சாதியைச் சொல்வது, அம்மாவை இழுப்பது, உடம்பைப் பற்றிய அசிங்கம் இவற்றில் "ஆமாங்க" என்று ஒப்புக்கொண்டு விளையாட எதுவும் இல்லை. விளையாடினால் அது ஏதோ சாதாரண விஷயம் என்று ஆகிவிடும். அங்கே பேச்சே கிடையாது, நீக்கு, பிளாக் செய், போ. வீட்டுக்கு வருவேன், ஆசிட், படத்தை மார்ஃப் செய்வேன் என்ற மாதிரி மிரட்டலாக இருந்தால் நீக்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: கணக்கின் பெயர், அதன் இணைப்பு, தேதி நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்கலாம், இல்லையென்றால் காவல் நிலையம். நீக்கிவிட்டுப் போனால் காட்ட ஒன்றும் இருக்காது. அதே சமயம் வெறும் மரியாதைக்குறைவுக்கு "கேஸ் போடுவேன்" என்று கமெண்டில் எழுதாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பழைய 66ஏ பிரிவை வைத்து மிரட்டுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன், அதை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. போடப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த கேஸ், கதறலிலேயே உரத்த கதறல்.

இன்னொரு வகை உண்டு, ஆளே இல்லாத திட்டு. அதே வாக்கியம் நாலு பேருடைய பதிவில் எழுத்து மாறாமல் இருக்கும், கணக்குக்குள் போனால் பூட்டியிருக்கும், படத்துக்குப் பதிலாக ஒரு கட்சிக்கொடியோ ரோஜாப்பூவோ இருக்கும். அங்கே சாமர்த்தியம் காட்டுவது நேர விரயம். இதற்கெல்லாம் நான் பிளாக் செய்வதைவிட மறைப்பதை விரும்புகிறேன். பிளாக் செய்தால் அவருக்குத் தெரிந்துவிடும், "பயந்து பிளாக் பண்ணிடுச்சு" என்று வேறு கணக்கில் வந்து கொண்டாடுவார். யூட்யூப்பில் ஒருவரை சேனலிலிருந்து மறைத்துவிட்டால் அவர் கமெண்ட் மற்றவர்கள் கண்ணில் படாது. இன்ஸ்டாகிராமில் ரெஸ்ட்ரிக்ட் என்று ஒன்று உண்டு, 2019இல் வந்தது. அதைப் போட்டால் அவர் எழுதும் கமெண்ட் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும், நாம் அனுமதித்தால் ஒழிய. தனியாக நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கஷ்டமான வகை: திட்டும் இருக்கும், உள்ளே சரியான ஒரு விஷயமும் இருக்கும். இதில் என்னைவிட என் நண்பர் கெட்டிக்காரர். ரயில் பைத்தியம் அவருக்கு, பழைய பாலங்கள், மீட்டர்கேஜ் பாதைகள் பற்றி எழுதுவார். பழைய பாம்பன் பாலம் திறந்த வருஷத்தை ஒருமுறை 1913 என்று போட்டுவிட்டார். ஒருவர் வந்து "1914டா முட்டாள், தெரியலன்னா பொத்திக்கிட்டு இரு" என்றார். இந்த மாதிரி இடத்தில் பாதிப் பேர் திட்டைப் பிடித்துக்கொண்டு சரியான தகவலை விட்டுவிடுவார்கள், மீதிப் பேர் கூனிக் குறுகி மூன்று முறை மன்னிப்புக் கேட்பார்கள். தகவலுக்கு ஒரு பதில், திட்டுக்கு ஒரு பதில் என்று இரண்டையும் பிரித்தால் சுலபமாகப் போய்விடும். தகவல் பகுதி முதலில் வர வேண்டும், முழுசாக, ஒரு சால்ஜாப்பும் இல்லாமல். நண்பர் எழுதியது இது:

"1914தான் சரி, திருத்திட்டேன், நன்றிங்க. முட்டாள் விஷயத்தை வீட்ல கேட்டு உறுதி பண்ணிட்டுச் சொல்றேன்."

முதல் வரி இல்லாமல் இரண்டாவது வரி மட்டும் இருந்திருந்தால் மழுப்பல். வரிசை மாறியிருந்தாலும் பலிக்காது, நக்கல் முதலில் வந்திருந்தால் திருத்தத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அதே ஆள் அதே இடத்தில் வந்து கேட்டார்: "வீட்ல என்ன சொன்னாங்க?"

நண்பருடைய பதில், "விசாரணை நடந்துட்டிருக்கு, சாட்சிகள் நிறைய வர்றாங்க."

இப்போது நண்பர் புதுப் பதிவு போட்டால் முதலில் வந்து வருஷங்களைச் சரிபார்ப்பவர் அவர்தான். "டா" மட்டும் போய்விட்டது, "தீர்ப்பு வந்துச்சா?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.